கால் எட்டாத பயணி

காலை எட்டரை மணிக்குத் தமிழ்நாட்டின் எந்த ஊர்ச் சாலையில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். அப்பா ஸ்கூட்டர் ஓட்டுகிறார். அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கிறார். மூன்று வயதுக் குழந்தை முன்னால் ஃபுட்போர்டில் நின்றுகொண்டு, கண்ணாடிக் கம்பியையோ ஹேண்டில் பாரையோ பிடித்திருக்கிறது. பெரியவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். குழந்தையின் தலையில் பெரும்பாலும் தொப்பிகூட இருக்காது.

இது அலட்சியத்தால் மட்டும் நடப்பதல்ல. முன்னால் நின்றால் குழந்தை கண்ணெதிரே இருக்கிறது, இரண்டு கைகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது என்று பெற்றோர் நம்புகிறார்கள். விபத்து என்று வரும்போது ஸ்கூட்டரில் குழந்தைக்கு மிக மோசமான இடம் அதுதான்.

சாதாரணப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் எடை 15 கிலோ. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். ஊருக்குள் மெதுவாகத்தான் போகிறோம் என்று நாம் சொல்லும் வேகம். முன்னால் போன ஆட்டோ திடீரென நிற்கிறது, ஸ்கூட்டர் அதன் பின்புறத்தில் மோதுகிறது. மோதிய பிறகு அரை மீட்டர் தூரத்துக்குள் எல்லாம் நின்றுவிடுவதாக வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்த அப்பாவின் முழங்கைகளும் அதைத் தாங்காது. ஒரு கணம் முன்பு வரை அரணாக இருந்த அந்தக் கைகள், அப்பாவின் உடலோடு சேர்ந்து முன்னால் பாய்ந்து குழந்தையை நெருக்கும். குழந்தையின் முகத்துக்கும் நெஞ்சுக்கும் நேர் எதிரே இருப்பவை ஹேண்டில் பாரும் ஸ்பீடோமீட்டர் பெட்டியும். மணிக்கு 30 கிலோமீட்டரில் மோதுவது, முதல் மாடி பால்கனியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம்.

மோதல்வரை போகவே வேண்டாம், வண்டி நிற்கும்போதும் ஆபத்து இருக்கிறது. கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைத் திருப்பாமல், பர்ஸை எடுக்கத் திரும்புகிறார் பெரியவர். முன்னால் நிற்கும் குழந்தை பிடிமானத்துக்காக வலது கைப்பிடியைப் பற்றித் திருகுகிறது. அது ஆக்சிலரேட்டர். வண்டி குழந்தையோடு பாய்கிறது. மின்சார ஸ்கூட்டர்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் வண்டி ஓடத் தயாராக நிற்கிறதா, அணைந்திருக்கிறதா என்பதைக் காதால் அறிய முடியாது. குழந்தை வண்டியில் இருக்கும்போது நிறுத்தினால், ஒரு நிமிடத்துக்கானாலும் சாவியை அணைக்க வேண்டும். ஏறும்போது குழந்தை கடைசியாக ஏற வேண்டும், இறங்கும்போது முதலில் இறங்க வேண்டும்.

சரி, பின்னால் உட்கார வைத்தால்? முன்னால் நிற்பதைவிட அது மேல், ஆனால் அங்கே வேறு சிக்கல்கள் இருக்கின்றன. சீட்டின் அகலமும் ஃபுட்ரெஸ்டின் உயரமும் பெரியவர்களின் காலுக்காக அமைந்தவை. மூன்று வயதுக் குழந்தையின் கால் பாதியில் தொங்கும். தொங்கும் கால் உள்பக்கம் போனால் சுழலும் சக்கரம், மோட்டார் சைக்கிளாக இருந்தால் வலப்பக்கம் சூடான சைலன்சர். குதிகால் சக்கரக் கம்பிக்குள் சிக்கித் தோலும் தசையும் கிழிந்து வரும் குழந்தைகள் எலும்பு முறிவு மருத்துவர்களுக்குப் பழக்கப்பட்டவர்கள். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி சொல்கிறது. சேலை கார்டு என்று நாம் சொல்வது இதைத்தான். அழகுக்காக அதைக் கழற்றிவிட்ட வண்டியில் குழந்தையை ஏற்றவே கூடாது.

இன்னொன்று, தூக்கம். மாலை ஐந்து மணிக்கு, முகத்தில் காற்று அடிக்க, வண்டியின் சீரான அதிர்வில் சிறு குழந்தை இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடும். அதுவரை அப்பாவின் சட்டையைப் பற்றியிருந்த விரல்கள் தளரும். ஓட்டுபவருக்கு முதுகில் கண் இல்லை. எந்த மோதலும் இல்லாமல், ஒரு வேகத்தடையிலோ வளைவிலோ குழந்தை சரிந்து விழ இது ஒன்றே போதும்.

விழும்போது முதலில் தரையைத் தொடுவது தலையாகத்தான் இருக்கும். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலை. இரண்டு வயதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு அது எட்டில் ஒரு பங்கு அளவுதான். தலை கனம், கழுத்துத் தசை மெலிவு, மண்டை ஓடு மென்மை. கையை ஊன்றித் தன்னைக் காத்துக்கொள்ளும் வேகமும் இன்னும் வரவில்லை. பெரியவருக்கு முழங்கை சிராய்ப்போடு போகும் அதே விழுதல், குழந்தைக்கு மூளைக் காயமாக முடியலாம்.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஹெல்மெட் இல்லாமல் பின்னால் அமர்ந்து சென்று இறந்தவர்கள் மட்டும் 14,337 பேர்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் இரு சக்கர வண்டியில் தரச் சான்று பெற்ற ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எல்.கே.ஜி. முடித்த குழந்தைக்கும் கல்லூரி மாணவருக்கும் இதில் வேறுபாடில்லை. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தனி விதி வெளியிட்டது. ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு அது நடைமுறைக்கு வந்தது. அந்த விதி கேட்பவை மூன்று. குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாத வேகம்.

ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த விதி ஹெல்மெட்டைக் கேட்கவில்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொள்வது தவறு. அந்த வயதில் கழுத்து ஹெல்மெட்டின் எடையைத் தாங்காது. ஹெல்மெட் போட முடியாத, போடாமலும் இருக்கக் கூடாத நிலையில் உள்ள குழந்தைக்கு ஸ்கூட்டரில் பாதுகாப்பான இடமே இல்லை. தடுப்பூசி போடக் கைக்குழந்தையை மடியில் வைத்து வண்டியில் கொண்டுபோவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவர்கள் ஒரு வயது நிரம்பாத குழந்தையை சைக்கிளில்கூட ஏற்ற வேண்டாம் என்கிறார்கள்.

பலரும் அறியாத இன்னொரு பிரிவு 128. ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்பது அதன் சாரம். குழந்தையும் ஒருவர்தான். 2023-ல் கேரளத்தில் சாலைகளில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டபோது, பெற்றோரோடு மூன்றாவதாகச் செல்லும் சிறு குழந்தைக்கு விலக்கு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. அப்பா, அம்மா, நடுவில் குழந்தை என்ற நமது வழக்கமான பயணம் ஆக, சட்டப்படியும் கூடாது.

பிலிப்பைன்ஸ் நாடு 2015-ல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அதில் வயது அளவுகோல் அல்ல, உடல்தான் அளவுகோல். குழந்தையின் இரண்டு பாதங்களும் ஃபுட்ரெஸ்டில் நன்றாகப் பதிய வேண்டும். இரண்டு கைகளும் ஓட்டுபவரின் இடுப்பைச் சுற்றிப் பற்ற வேண்டும். தரமான ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், வாகன நெரிசலும் வேகமும் மிகுந்த பொதுச் சாலையில் குழந்தையை ஏற்றக் கூடாது. நம் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, குழந்தையைப் பின்னால் உட்கார வைத்து அரை நிமிடத்தில் இதைச் சோதித்துவிடலாம். கால் எட்டாவிட்டால் அந்தக் குழந்தை வண்டியில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் நிலையில் இல்லை என்று பொருள்.

ஹெல்மெட் வாங்கும்போது

குழந்தைக்கு ஹெல்மெட் போட்டால் கழுத்து பாதிக்கும் என்ற அச்சம் நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. வியட்நாமில் 2007 டிசம்பரில் ஹெல்மெட் எல்லாச் சாலைகளிலும் கட்டாயமானது. பெரியவர்கள் பெரும்பாலும் அணியத் தொடங்கினார்கள். குழந்தைகளின் தலைகளோ வெறுமையாக இருந்தன, ஏனென்றால் கழுத்துக்குக் கேடு என்ற பேச்சு பெற்றோரிடையே பரவியிருந்தது. மருத்துவர்களும் உலக சுகாதார நிறுவனமும் அதை மறுக்க வேண்டியிருந்தது. ஹெல்மெட் இல்லாத குழந்தையை ஏற்றிச் செல்பவருக்கு அபராதம் என்ற ஏற்பாடு அங்கே 2010-ல்தான் வந்தது. பெரியவரின் கனத்த ஹெல்மெட்டைக் குழந்தையின் தலையில் கவிழ்த்தால் கழுத்து வலிக்கும், அது உண்மை. குழந்தைக்கென்று செய்த, எடை குறைந்த ஹெல்மெட் வேறு. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களையும் பின்னால் இருப்பவர்களையும் ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் உயிரிழப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது.

வாங்கும் முன் தலையை அளக்க வேண்டும். தையல் டேப்பை எடுத்துப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பிடரியில் தலை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். இரண்டு வயதில் சுமார் 47, 48 செ.மீ. இருக்கும், ஐந்து வயதில் 50, 51 செ.மீ. ஹெல்மெட்டின் உள்ளே அதன் அளவு குறிக்கப்பட்டிருக்கும். “அடுத்த வருஷத்துக்கும் ஆகுமே” என்று சட்டை வாங்குவதுபோல ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால், விழும் முதல் கணத்திலேயே அது தலையை விட்டு நகர்ந்துவிடும். உள்ளே துண்டைச் சுருட்டி வைத்துச் சரிக்கட்டுவதும் பயன் தராது.

நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உள்ள ஹெல்மெட்தான் வேண்டும். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டால், அது எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். ஸ்டிக்கர் போலியா என்பதையும் இதில் கண்டுகொள்ளலாம். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் கனமான தெர்மாகோல் அடுக்கு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அடியைத் தாங்கி நசுங்கி மூளையைக் காப்பது அந்த அடுக்குதான். சாலையோரத்தில் விற்கும் கிண்ணம் போன்ற ஹெல்மெட்டில் அது இருக்காது, வெறும் பஞ்சுத் துணிதான் இருக்கும்.

நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சைக்கிள் ஹெல்மெட்டையும் விதி ஏற்கிறது. இ.என். 1078, இ.என். 1080 என்ற இரண்டு ஐரோப்பியத் தரங்களை அது குறிப்பிடுகிறது. சிறு தலைக்குரிய அளவும் எடைக் குறைவும் சைக்கிள் ஹெல்மெட்டில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இ.என். 1078 ஹெல்மெட்டைச் சோதிக்கும்போது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் விழவிடுகிறார்கள். வண்டியிலிருந்து சரிந்து சாலையில் விழும் குழந்தையின் தலைக்கு அது ஈடுகொடுக்கும். எதிரே வரும் வாகனத்திலோ தடுப்புச் சுவரிலோ மோதும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சோதனையில் தாங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இதைப்போல் இரு மடங்கு.

இரண்டு எண்களுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இ.என். 1080 ஹெல்மெட் விளையாட்டுத் திடலை மனத்தில் வைத்து உருவானது. ஏணியிலோ கம்பியிலோ ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் குழந்தையின் கழுத்து இறுகாதபடி, இழுத்தால் அதன் தாடைக் கொக்கி தானாகவே விட்டுவிடும். சாலை விபத்தில் நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது, விடாமல் பிடித்திருக்கும் கொக்கி. எனவே இரண்டும் கிடைத்தால் 1078-ஐத் தேர்வது நல்லது. தலை 50 செ.மீ.யைத் தாண்டி, கழுத்தும் உறுதியான பிறகு, பொருந்தும் அளவில் எடை குறைந்த ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டுக்கு மாறிவிடலாம்.

வாங்கியதும் கடையிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும். முன் விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் சாய்ந்திருக்கக் கூடாது. தாடைப் பட்டைக்குள் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். பிறகு குழந்தையைத் தலையாட்டச் சொல்லலாம். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர்ந்தால் அளவு சரி. கடைசியாகப் பிடரிப் பக்கம் கைவைத்து மேல்நோக்கித் தள்ள வேண்டும். கழன்று முன்னால் உருண்டு வந்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம். பெண் குழந்தைகளுக்கு உச்சியில் போட்ட குடுமியும் வைத்த பூவும் ஹெல்மெட்டைத் தூக்கி நிறுத்திவிடும். வண்டியில் போகும் நாளில் பின்னலைக் கழுத்தோரம் தாழ்த்திப் போட வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

பட்டை எதற்கு, எதற்கு இல்லை

விதி சொல்லும் பாதுகாப்புப் பட்டை, குழந்தைக்கு மாட்டும் ஓர் உள்சட்டை போன்றது. அதிலிருந்து வரும் இரண்டு வார்கள் ஓட்டுபவரின் தோள்களில் மாட்டப்படும். குழந்தையின் மேலுடல் பெரியவரின் முதுகோடு சேர்ந்து நிற்கும். எடை குறைந்ததாக, நீளம் கூட்டிக் குறைக்கத்தக்கதாக, தண்ணீரில் கெடாததாக, 30 கிலோ வரை தாங்குவதாக இருக்க வேண்டும் என்பது விதி.

தூங்கிச் சரியும் குழந்தையையும், வேகத்தடையில் எகிறும் குழந்தையையும் இந்தப் பட்டை காப்பாற்றும். அதற்காகவே அது அவசியம். வண்டியே கவிழ்ந்தால் நிலைமை வேறு. பெரியவரோடு பிணைந்த குழந்தை அவரோடு சேர்ந்து விழும், அவர் உடலுக்கு அடியில் சிக்கவும் கூடும். எனவே பட்டை இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டுவது அந்தப் பட்டையின் பயனையே அழித்துவிடும். துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டுவது இதற்கு மாற்று அல்ல; அதன் முனை சக்கரத்தில் சிக்கினால் இருவரையுமே இழுத்துவிடும்.

ஃபுட்போர்டில் பொருத்தும் சிறு நாற்காலிகளும் கடைகளில் தொங்குகின்றன. அவை குழந்தை நின்று களைப்பதைத் தவிர்க்கும், அவ்வளவே. குழந்தை அப்போதும் ஹேண்டில் பாருக்கு நேர் எதிரேதான் இருக்கிறது. வளைவில் ஹேண்டில் முழுமையாகத் திரும்பக் குழந்தையின் முழங்கால் தடையாகவும் வரலாம்.

வண்டி இல்லாமல் போக முடியுமா?

மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலர் பள்ளிக்கு மூன்றரை வயதுக் குழந்தை ஒன்று போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. அப்பா ஒன்பது மணிக்கு வேலையில் இருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது டவுன் பஸ். தமிழகத்தில் 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்ற அறிவிப்பும் 2022-ல் வந்தது. அம்மாவோ பாட்டியோ குழந்தையோடு போய்வரச் செலவே இல்லை. வழித்தடமும் நேரமும் பொருந்தினால் இதைவிடப் பாதுகாப்பான, மலிவான வழி வேறில்லை.

பஸ் சரிப்படாவிட்டால் அடுத்தது பள்ளி வேன் அல்லது ஆட்டோ. பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2012-ல் தனி விதிகள் கொண்டுவந்தது. குழந்தைகளை ஏற்றி இறக்க வண்டியில் உதவியாளர் இருக்கிறாரா, இருக்கைக்கு மேல் குழந்தைகளை அடைக்கிறார்களா என்று பெற்றோர் ஒருநாள் வண்டி வரும் நேரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆட்டோவானால் குழந்தை பின் இருக்கையில், கதவுப் பக்கம் அல்லாமல் நடுவில் இருக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டிக்கொண்டு வரும் பயணம் ஸ்கூட்டரைவிட மேலானதல்ல. ஒரே தெருவிலிருந்து அதே பள்ளிக்குப் போகும் மூன்று வீட்டார் ஓர் ஆட்டோவை மாதக் கணக்கில் பேசிக்கொண்டால், செலவும் மூன்றாகப் பிரியும்.

எதுவுமே வாய்க்காத நாட்களும் இருக்கும். மருத்துவமனை, மழை, பஸ் நிறுத்தம் என்று ஏதாவது வரும். அப்போது ஸ்கூட்டரை எடுப்பவர், குழந்தையைத் தவிர யாரையும் ஏற்றாமல், குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து, பட்டையை மாட்டி, அளவான ஹெல்மெட் போட்டு, மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் போக வேண்டும். பைபாஸையும் லாரி ஓடும் சாலையையும் விட்டு, சுற்றிப் போனாலும் தெருக்கள் வழியாகப் போகலாம். புத்தகப் பை, சாப்பாட்டுக் கூடை எதையும் குழந்தையின் தோளிலோ ஃபுட்போர்டிலோ வைக்காமல் சீட்டுக்கு அடியில் வைக்கலாம். மழை பெய்தால் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் போட ஏற்ற காலம், பள்ளிச் சேர்க்கை நடக்கும் ஏப்ரல், மே மாதங்கள். பள்ளியின் பெயரையும் கட்டணத்தையும் விசாரிக்கும் பெற்றோர், வீட்டிலிருந்து அங்கே எப்படிப் போவது என்பதையும் அதே நாளில் விசாரித்துவிடலாம். நடந்து போகும் தூரத்தில் அங்கன்வாடியோ ஒரு சிறு பள்ளியோ இருந்தால், குழந்தையின் பாதம் ஃபுட்ரெஸ்டை எட்டும் வயது வரையாவது அதைத் தேர்வது நல்லது. ஒரு கிலோமீட்டர் என்பது சின்னக் கால்களுக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. தொலைவில் உள்ள பெரிய பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறதா என்று அந்தப் பள்ளியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.